சந்தேகத்துக்கு எழுதுதல்

அந்தமானின் சுண்ணாம்புக் குகைகளில், தன் உமிழ்நீரைத் தவிர வேறெதையும் சேர்க்காமல் கூடு கட்டும் ஒரு சிறு பறவை வாழ்கிறது. உழவாரன் இனத்தைச் சேர்ந்தது. தீவுக்காரர்கள் ஹவாபில் என்கிறார்கள். பாறைச் சுவரில் பாதிக் கிண்ணம்போல ஒட்டியிருக்கும் அந்தக் கூட்டை அந்தமானில் யாரும் சமைப்பதில்லை. தமிழர், வங்காளி, கரேன், நிக்கோபாரி என அங்கே குடியிருக்கும் எவர் வீட்டு அடுப்பிலும் அதற்கு இடமில்லை. அது உணவாகவும், பரிசாகவும், நோயாளியைப் பார்க்கப் போகும்போது கையில் கொண்டுபோகும் பொருளாகவும் மாறுவது சீனர்களின் வீட்டில்தான். ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே மலாய், பர்மிய, சீனப் படகுகள் இந்தக் கூட்டையும் கடல் அட்டையையும் தேடி இந்தத் தீவுகளுக்கு வந்திருக்கின்றன. அன்று பேரம் கரையில் நடந்தது. வாங்குபவர் கூட்டைக் கையில் எடுத்து, தட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்று ஷாங்காயில் இருக்கும் ஒரு பெண் கைபேசித் திரையில் ஒரு விவரிப்பைப் படித்துவிட்டு வாங்குகிறார். கை செய்த வேலையைச் சொற்களும் படங்களும் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தச் சொற்களை எப்படி எழுதுவது என்ற கேள்வி ஒரு விளம்பர நுட்பமாகத் தோன்றலாம். அந்தமானின் நிலையில் அது ஒரு பறவையின் எதிர்காலத்தோடும் கட்டுண்ட கேள்வி.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். கோவையை அடுத்த ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் 1990களின் நடுவில் இந்தத் தீவுகளின் குகைகளில் இறங்கிக் கணக்கெடுத்தார். பத்தாண்டுகளில் இந்தப் பறவையின் எண்ணிக்கை எண்பது விழுக்காட்டுக்கு மேல் சரிந்துவிட்டது என்பது அவர் கண்ட உண்மை. முட்டையோ குஞ்சோ இருக்கும்போதே கூடுகளைப் பிய்த்தெடுத்ததுதான் காரணம். அவர் முன்வைத்த தீர்வு அன்று பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது: கூடு எடுப்பவர்களை விரட்ட வேண்டாம், அவர்களையே குகைக்குக் காவலாக்குங்கள், குஞ்சு பறந்த பிறகு வெறுங்கூட்டை எடுக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். வனத்துறையோடு சேர்ந்து வடக்கு அந்தமானின் சாலிஸ் ஏக் குகைகளிலும் இன்டர்வியூ தீவிலும் இந்தக் காவல் தொடங்கியது. 2002இல் இந்தப் பறவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டபோது, காவலிருந்தவர்களுக்குக் கூட்டை எடுக்கும் வழி அடைபட்டது. 2009இல் அது பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சங்கரன் அதே ஆண்டு ஜனவரியில் காலமானார். அவர் விட்டுச்சென்ற யோசனை ஒரு பந்தயம்தான்: குஞ்சு பறக்கும்வரை காத்திருந்து எடுத்த கூட்டுக்கு, திருடியெடுத்த கூட்டைவிட நல்ல விலை கிடைக்க வேண்டும். அந்த விலையைத் தீர்மானிப்பவர் சீன வாங்குபவர். அவரிடம் இந்த வேறுபாட்டைச் சொல்லிப் புரியவைக்க முடியாவிட்டால், குகை வாசலில் இரவெல்லாம் விழித்திருப்பதற்குப் பொருளாதார நியாயம் எதுவும் மிஞ்சாது.

சீனருக்கு விற்பது பற்றிப் பொதுவாகக் கிடைக்கும் அறிவுரை எளிமையானது. சிவப்பும் பொன்னிறமும் பூசு, வெள்ளையைத் தவிர், விலையில் எட்டு வை, நான்கை நீக்கு, குரலில் பணிவும் பகட்டும் சேர், தேடுசொற்களை அடுக்கு. இவை முழுப் பொய்யல்ல. ஆனால் இவையெல்லாம் வாங்குபவருக்கு எது பிடிக்கும் என்ற ஒரே கேள்விக்கான விடைகள். பறவைக்கூட்டைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இரண்டாமிடத்தில் வர வேண்டியது என்பதே என் வாதம். முதலில் கேட்க வேண்டியது, வாங்குபவர் எதைச் சந்தேகிக்கிறார் என்பது. எண்ணும் நிறமும் சொல்லும் தொனியும் அந்தச் சந்தேகத்துக்குப் பதிலாக அமைந்தால் மட்டுமே அவற்றின் பண்பாட்டு அழகு வேலை செய்யும். அந்தப் பதில் இல்லாத இடத்தில் அதே அழகு குற்றச்சாட்டாகத் திரும்பும். இதற்கு அண்மைக்கால வரலாற்றிலேயே இரண்டு சான்றுகள் இருக்கின்றன. ஒன்று நிறத்தைப் பற்றியது, மற்றது தொனியைப் பற்றியது.

சிவப்பு சீனர்களுக்கு மங்கல நிறம். திருமணமும் புத்தாண்டும் சிவப்பு. பணம் வைத்துத் தரும் உறையும் சிவப்பு. பறவைக்கூட்டிலும் சிவந்த ஒருவகை உண்டு. இரத்தக்கூடு என்று பெயர். வெள்ளைக் கூட்டைவிடப் பல மடங்கு விலை பெற்றது. மூன்றாம் முறையாகக் கூடு கட்டும் பறவை உமிழ்நீர் வற்றி இரத்தம் கக்குகிறது, அதனால்தான் கூடு சிவக்கிறது என்று ஒரு கதையும் கூடவே விற்றது. மங்கலமும் அருமையும் தியாகமும் ஒரே நிறத்தில் கூடியிருந்ததால், வாங்குபவரின் விருப்பத்தைத் தொடும் விவரிப்பு அதைவிட வேறொன்று இருக்க முடியாது. 2011இல் ஜெஜியாங் மாகாண அதிகாரிகள் சந்தையிலிருந்த இரத்தக்கூடுகளைச் சோதித்தபோது அளவுக்கு மீறிய நைட்ரைட் இருப்பது தெரியவந்தது. பறவை எச்சத்தோடு சேர்த்துப் புழுங்கவைத்து வெள்ளைக் கூட்டைச் சிவக்கவைத்திருந்தார்கள் வியாபாரிகள். மலேசியக் கூடுகளின் இறக்குமதியைச் சீனா நிறுத்தியது. அந்தத் தொழிலே ஆட்டங்கண்டது. மறு ஆண்டு, கிலோவுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரைட் கூடாது என்று வரம்பு வந்தது. சிங்கப்பூரின் நான்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட கட்டுரை, அந்தச் சிவப்பில் இரத்தம் எதுவுமில்லை, எச்சத்திலிருந்து வரும் நைட்ரஜன் சேர்மங்கள் கூட்டின் புரதத்தோடு வினைபுரிவதால் வரும் நிறம் அது என்று விளக்கியது. வாங்குபவரின் பண்பாட்டை மிகத் துல்லியமாகப் புரிந்துகொண்டவர்கள்தான் அந்த மோசடியைச் செய்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் விவரிப்பைப் பண்பாட்டுக்கு ஏற்ப எழுதினார்கள். பிறகு விவரிப்புக்கு ஏற்பப் பொருளையே மாற்றினார்கள்.

எனவே இன்று ஒருவர் அந்தமான் கூட்டைச் சீன மொழியில் விவரிக்கும்போது நிறத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெட்டியின் நிறம் சடங்கைச் சேர்ந்தது. கூட்டின் நிறம் சான்றைச் சேர்ந்தது. பெட்டி சிவப்பாக, பொன்னெழுத்தோடு இருப்பதில் தவறேதுமில்லை; பரிசாகக் கொடுப்பவருக்கு அது தேவைகூட. வெள்ளைப் பெட்டியில் கறுப்பு எழுத்து என்றால் அது இழவு வீட்டை நினைவூட்டும். இறப்புச் சடங்குகளைச் சீனர்கள் வெள்ளைக் காரியம் என்றே குறிப்பிடுகிறார்கள். ஐரோப்பிய அழகுசாதனப் பெட்டிகளைப் பார்த்துப் பழகிய இந்திய வடிவமைப்பாளர் சறுக்கும் இடம் இது. கூட்டின் விஷயம் வேறு. அங்கே 2011க்குப் பிறகு சிவப்புதான் அச்சம் தருகிறது. வெண்மை நம்பிக்கையின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆனால் தூய வெள்ளை என்று எழுதினால் அடுத்த சந்தேகம் முளைக்கும்: பெராக்சைடில் வெளுக்கவைத்தார்களோ? ஆகவே தேர்ந்த விற்பனையாளர்கள் அரிசி வெண்மை, தந்த வெண்மை என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். கூடுகள் ஒன்றுக்கொன்று சற்று நிறம் மாறியிருக்கும் என்பதையும், பாறையில் ஒட்டியிருந்த அடிப்பகுதி மஞ்சளாக இருக்கும் என்பதையும் படத்தோடு முன்கூட்டியே சொல்கிறார்கள். ஒளிப்படத்திலும் இதே நெறி தேவை. வெண்மையைக் கூட்டிக் காட்டும் திருத்தம் செய்த படம், பெட்டியைத் திறந்த கணத்தில் பொய்யாகிவிடும். நிறத்துக்கு ஒரே அர்த்தம் என்று பட்டியல் போடுகிறவர்கள், சிவப்பு நல்லது வெள்ளை கெட்டது என்று எழுதிவைப்பார்கள். இந்தப் பொருளில் அந்தப் பட்டியல் தலைகீழாக நிற்கிறது.

எண்களிலும் இப்படி ஓர் இருபகுப்பு உண்டு. நான்கு என்ற எண்ணின் ஒலி சாவு என்ற சொல்லின் ஒலியை ஒத்தது. எட்டின் ஒலி செல்வம் பெருகுவதைக் குறிக்கும் சொல்லுக்கு அருகில் நிற்கிறது. ஆறு தடையின்றி ஓடுவதையும் ஒன்பது நீடித்திருப்பதையும் நினைவூட்டும். அலிபாபாவின் மொத்த வணிகத் தளத்தின் முகவரியே 1688.com. பெய்ஜிங் ஒலிம்பிக் 2008 ஆகஸ்ட் 8 இரவு 8 மணிக்குத் தொடங்கியதும் தற்செயல் இல்லை. ஆனால் இந்த ஒலிகள் எங்கே காதில் விழுகின்றன, எங்கே விழுவதில்லை என்பதில்தான் கவனம் தேவை. 250 யுவான் என்று விலை வைப்பது பிழை, ஏனென்றால் அந்த எண் ஒருவரை முட்டாள் என்று ஏசும் சொல். அதே 250 கிராம் எடையாக வந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை. 500 கிராம் கொண்ட ஜின் என்ற அளவில் அது சரிபாதி, தேயிலை அன்றாடம் அந்த எடையில் விற்கிறது. எண் ஆளைப் பார்த்துப் பேசும் இடங்கள் சில: விலை, பரிசுப் பெட்டியில் உள்ள உருப்படிகளின் எண்ணிக்கை, விற்பனைத் தேதி. எண் பொருளைப் பற்றிப் பேசும் இடங்கள் வேறு: எடை, ஈரப்பதம், ஊறவைக்கும் நேரம், சோதனை முடிவு. முதல்வகை இடங்களில் பண்பாட்டுக்கு இணங்கலாம், இணங்கவும் வேண்டும். இரண்டாம் வகையில் ஓர் எண்ணைக்கூட நகர்த்தக் கூடாது. நான்கு மணி நேரம் ஊற வேண்டிய கூட்டுக்கு நான்கு மணி நேரம் என்றுதான் எழுத வேண்டும். சீன வாசகர் அதில் சாவைக் கேட்பதில்லை. சமையல் குறிப்பைக் கேட்கிறார்.

ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு இதை வேலைசெய்து பார்க்கலாம். 50 கிராம் எடை, முழுக் கூடுகள். ஒரு காய்ந்த முழுக்கூடு ஏறத்தாழ 6 முதல் 10 கிராம்வரை இருக்கும். ஆகவே பெட்டியில் ஐந்து முதல் எட்டுக் கூடுகள் வரும். எட்டு என்று எழுத ஆசை எழும். பரிசுக்கு இரட்டைப்படை நல்லது, எட்டு இன்னும் நல்லது. ஆனால் 50 கிராமில் எட்டு என்றால் ஒவ்வொன்றும் ஆறேகால் கிராம் இருக்க வேண்டும். குகைச்சுவர்கள் அப்படி அளந்து கூடு தருவதில்லை. எண்ணிக்கையை முதலில் நிச்சயித்துவிட்டால், பெரிய கூட்டை உடைத்துச் சிறிதாக்குவதும், சிறிய கூட்டில் பசை தடவி எடை ஏற்றுவதும் அடுத்தடுத்து வரும். பசை தடவிய கூடு சீன வாங்குபவர்கள் நன்கு அறிந்த மோசடி. ஊறவைத்த நீர் கொழகொழத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே விவரிப்பில் எடை துல்லியமாகவும், எண்ணிக்கை ஐந்து முதல் எட்டு என்ற வரம்பாகவும் இருக்கட்டும். மங்கல எண்ணுக்கு விலையில் இடம் கொடுக்கலாம். பெட்டிகளை இரண்டிரண்டாக விற்கலாம். ஒருவேளைக்கு 3 முதல் 5 கிராம் என்பது அங்கே வழக்கமான அளவு. எனவே 50 கிராம் பத்து முதல் பதினாறு வேளைக்கு வரும் என்று எழுதினால், வாங்குபவர் மனத்தில் போடும் கணக்கை நாமே போட்டுக் கொடுத்ததாகும். சாலிஸ் ஏக் என்ற பெயரில் நாற்பதைக் குறிக்கும் சொல் இருக்கிறது. அதைச் சீனத்தில் பொருள்பெயர்த்தால் நான்கில் தொடங்கும் எண் ஒன்று காரணமில்லாமல் முகப்பில் வந்து உட்காரும். ஒலியை மட்டும் எழுதினால் அது வெறும் ஊர்ப்பெயர். இது பயந்து மறைப்பதல்ல. வாசகரின் கவனம் போக வேண்டாத இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது.

தேடுசொற்களுக்கு வருவோம். தாவ்பாவ் விற்பனைத் தளத்தில் ஒரு பொருளின் தலைப்புக்கு முப்பது சீன எழுத்துகள்தான் இடம். அது வாக்கியமாக இருப்பதில்லை. வாங்குபவர் தேடுபெட்டியில் தட்டும் சொற்களின் கோவை. 燕窝 என்பது கூட்டுக்கான பொதுச்சொல். அதன் கீழே வாங்குபவர்கள் நுட்பமாகப் பிரித்துத் தேடுகிறார்கள்: முழுக்கிண்ணமா, துண்டா, நொறுங்கலா, காய்ந்ததா, உடனே உண்ணும் புட்டியா, குகைக் கூடா, பறவைக்காகக் கட்டிய வீட்டில் எடுத்ததா. மலேசிய, இந்தோனேசியக் கூடுகளில் பெரும்பகுதி வீட்டுக் கூடுகள். அந்தமான் குகைகளில் எடுப்பதை 洞燕 என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு சொல் தவறினால் விவரிப்பு முழுவதும் தவறிவிடும், ஏனென்றால் குகைக்கூடு தடித்தது, இறுகியது, ஊற அதிக நேரம் எடுப்பது. வீட்டுக் கூட்டுக்கான நேரத்தை அப்படியே நகலெடுத்து எழுதினால் வாங்கியவர் அரைகுறையாக ஊறிய கூட்டை வேகவைத்து, போலி என்று மதிப்புரை எழுதுவார். இன்னொரு பொறி ஊர்ப்பெயரில் இருக்கிறது. சீனத்தில் இந்தோனேசியா 印度尼西亚. அதன் முதல் இரண்டு எழுத்துகள், 印度, இந்தியாவைக் குறிக்கின்றன. இந்தோனேசியக் கூட்டைப் பல்லாண்டாக வாங்கிப் பழகியவர் கண்ணுக்கு, இந்தியக் கூடு என்ற சொல் இந்தோனேசியாவைத் தவறாகச் சுருக்கி எழுதியதுபோலவோ, அந்தப் பெயரில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும் போலிபோலவோ தெரியும். அந்தக் குழப்பம் சில தேடல்களை நம் பக்கம் தள்ளும் என்று மகிழ்வது குறுகிய பார்வை. தீவின் பெயரை முன்னிறுத்துவதே நேர்மையும் தெளிவும். 干燕窝 洞燕 燕盏 不漂白 安达曼群岛 50克 என்று எழுதினால் போதும்: காய்ந்த கூடு, குகைக்கூடு, முழுக்கிண்ணம், வெளுக்காதது, அந்தமான் தீவுகள், 50 கிராம். முப்பது எழுத்துக்கும் மிகக் குறைவு. ஒவ்வொரு சொல்லையும் சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது சான்று தொனியைப் பற்றியது. 2020 நவம்பரில் க்வாய்ஷோ செயலியின் பெரும்புகழ் விற்பனையாளர் ஷின்பா குழுவின் நேரலையில் விற்ற புட்டிக்கூட்டை, போலிகளைத் தேடிப் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட வாங் ஹாய் சோதனைக்கு அனுப்பினார். உள்ளே இருந்தது கிட்டத்தட்ட சர்க்கரைத் தண்ணீர் என்று சோதனை அறிக்கையை வெளியிட்டார். டிசம்பரில் குவாங்சோ நகரச் சந்தை ஒழுங்குமுறை அதிகாரிகள் விற்பனை நிறுவனத்துக்கு 20 லட்சம் யுவானும், ஷின்பாவின் நிறுவனத்துக்கு 9 லட்சம் யுவானும் அபராதம் விதித்தார்கள். அந்த நேரலையின் குரல் நெருக்கமானது, உறவு கொண்டாடுவது, உற்சாகம் பொங்குவது. அதாவது, சீன வாங்குபவருக்கு ஏற்ற தொனி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் அத்தனையும் அதில் இருந்தது. சட்டமும் இந்த இடத்தில் கறாராக நிற்கிறது. 2015இல் திருத்தப்பட்ட சீன விளம்பரச் சட்டம், மிகச் சிறந்தது, தேசத்தரமானது போன்ற உச்சச் சொற்களைத் தடைசெய்கிறது. மீறினால் 2 லட்சம் முதல் 10 லட்சம் யுவான்வரை அபராதம். மருந்தல்லாத பொருள் நோய் தீர்க்கும் என்று சொல்லவும் இடமில்லை. பறவைக்கூடு அங்கே சாதாரண உணவுதான். நம் ஊர்ப் பொருள் விவரிப்புகளைப் பாருங்கள்: உலகின் தலைசிறந்த, நூறு விழுக்காடு தூய, ஆஸ்துமா முதல் காசநோய்வரை குணமாக்கும் என்றுதான் தொடங்கும். இதைச் சீனத்தில் அப்படியே மாற்றி எழுதினால் முதல் வரியே சட்டமீறல். அதைவிட மோசம், இப்படிப் பேசுகிறவர்கள்தான் ஏமாற்றினார்கள் என்று படித்தவர் மனத்தில் பதிந்திருக்கிறது.

அப்படியானால் எந்தக் குரலில் பேசுவது? இந்த உணவைச் சுற்றிச் சீன மரபிலேயே அமைதியான ஒரு குரல் இருக்கிறது. சிவப்பு மாளிகையின் கனவு நாவலின் 45ஆம் அத்தியாயத்தில், நோயுற்ற தாய்யூவிடம் பாவ்சாய் தினமும் காலையில் கூட்டைக் கற்கண்டோடு கஞ்சியாகக் காய்ச்சிக் குடிக்கச் சொல்கிறாள். மருந்தைவிட நல்லது என்று சொல்வதோடு அவள் நிற்பதில்லை. எவ்வளவு கூடு, எவ்வளவு கற்கண்டு, எந்தப் பாத்திரம் என்று சொல்கிறாள். அக்கறை அளவுகளின் வழியே வெளிப்படுகிறது. இணையத்தில் எழுதும் விவரிப்புக்கும் இது பொருந்தும். தாவ்பாவில் கடைக்காரர் வாங்குபவரைச் செல்லமாக விளிக்கும் வழக்கம் உண்டு. அது அரட்டைப் பெட்டிக்கு உரியது. விலையுயர்ந்த பரிசுப்பொருளின் பக்கத்தில் மரியாதை விளிப்போடு பேசுவதே தகும். எத்தனை மணி நேரம் எந்த நீரில் ஊறவைப்பது, எத்தனை முறை நீர் மாற்றுவது, இறகுத்துணுக்கை எப்படி எடுப்பது, இரட்டைப் பாத்திரத்தில் எவ்வளவு நேரம் வேகவைப்பது, ஊறினால் எத்தனை மடங்கு பெருகும் என்பவை முதலில் வர வேண்டும். குறையும் அங்கேயே வர வேண்டும். குஞ்சு பறந்த பிறகு எடுத்த கூட்டில் இறகும் கறையும் கூடுதலாக இருக்கும். கையால் பொறுக்க நேரமாகும். இதை மறைத்தால் தரக்குறைவு, சொன்னால் சான்று. இந்தக் கூட்டில் ஒரு குஞ்சு வளர்ந்து பறந்துபோனது என்பதற்கு அந்த இறகே அத்தாட்சி. மேற்கு நாட்டு வாசகருக்கு எழுதினால் பாதுகாப்புக் கதை தலைப்பில் வரும். சீன வாசகருக்கு அது ஐந்தாவது, ஆறாவது படத்தில், இந்தக் கறை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு விடையாக வரும். இரத்தம் கக்கும் பறவையின் கதையைக் கேட்டு மனம் நொந்தவருக்கு அந்த விடை ஆறுதலும்கூட.

இதற்கு எழும் முதல் மறுப்பு வியாபாரிகளுடையது. தளத்தில் ஆயிரம் கடைகள் கூவும்போது அடக்கமாக எழுதிய பக்கம் கண்ணிலேயே படாது. கர்ப்பிணி, அழகு, இளமை என்று எல்லாத் தேடுசொல்லையும் அடுக்கினால்தான் ஆள் வரும் என்பார்கள். ஆள் வருவது உண்மைதான். ஆனால் வந்தவர் வாங்காமல் திரும்புவதையும், வாங்கியவர் திருப்பி அனுப்புவதையும் தளங்கள் கணக்கில் வைத்து அடுத்த தேடலில் இடம் ஒதுக்குகின்றன. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் சட்டத் திருத்தம், இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித்தரும் உரிமையை வழங்கியது. பொய் சொல்லி விற்றால் விலையின் மும்மடங்கு இழப்பீடு; பாதுகாப்புத் தரத்துக்கு ஒவ்வாத உணவென்று தெரிந்தே விற்றால் பத்து மடங்கு. வாங் ஹாய் போன்றவர்கள் காத்திருக்கிறார்கள். இன்னும் அடிப்படையான காரணம் ஒன்று இருக்கிறது. அந்தமான் குகைகள் தரக்கூடியது சொற்பம். இந்தோனேசியாவின் டன் கணக்குக்கு முன்னால் அது ஒரு பிடி. சொற்பமாக விற்பவருக்கு எல்லாரும் வர வேண்டியதில்லை. குகைக்கூடு என்று தெரிந்தே தேடும் சிலர் வந்து, வாங்கி, மறுபடி வந்தால் போதும். பெருங்கூட்டத்தைக் கூவி அழைத்துவிட்டுத் தர முடியாமல் போனால், அந்த இடைவெளியை நிரப்பப் போவது திருட்டுக் கூடு.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது, அதிக மரியாதைக்குரியது. எண்களுக்கும் நிறங்களுக்கும் வளைந்துகொடுப்பது மூடநம்பிக்கைக்குத் துணைபோவதல்லவா? காட்டுப் பறவையின் கூட்டை அழகாக விவரித்து விற்பதே பிழையல்லவா? முதல் பாதிக்கு விடை எளிது. மொய் வைக்கும்போது நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து நூற்றொன்றாக வைக்கிறோம். அந்த ஒரு ரூபாயால் யாரும் ஏமாறுவதில்லை, கொடுப்பவரின் மனம் அதில் தெரிகிறது. விலையில் வரும் எட்டும் அவ்வளவே. பொருளின் எடையை அது தொடாதவரை அது மரியாதை. இரண்டாம் பாதிக்கு எளிய விடை கிடையாது. சங்கரனின் கணக்கு சொல்வது இது: தடை மட்டும் இருந்த காலத்திலும் குகைகள் காலியாயின, கூடு எடுத்தவர்களே காவலிருந்த இடங்களில் குஞ்சுகள் பறந்தன. தேவை ஏற்கெனவே இருக்கிறது. நம் விவரிப்பு அதைப் பிறப்பிப்பதில்லை. எந்தக் கூட்டை நோக்கி அது திரும்புகிறது என்பதை மட்டும் விவரிப்பு மாற்றக்கூடும். மோசமான விவரிப்பு எல்லாக் கூடுகளையும் ஒன்றாக்கிவிடும்; அப்போது மலிவாகக் கிடைப்பது வெல்லும். முட்டையைத் தட்டிவிட்டு எடுத்த கூடுதான் எப்போதும் மலிவு.

இந்த வாதத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அதைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. 2011 இரத்தக்கூடு மோசடிக்குப் பிறகு சீனா கூட்டுக்கான வாசலைத் தனித்தனி ஒப்பந்தங்களால் திறந்தது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் அந்த வழியில் நுழைந்தன; இந்தியா நுழையவில்லை. நுழைந்த நாடுகளின் பெட்டிகளில் ஒட்டிவரும் கியூஆர் கோடை வாங்குபவர் கைபேசியால் வருடினால், கூடு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது, எந்த ஆலையில் சுத்தமானது என்று திரையில் தெரியும். தலைப்பில் அந்தக் குறியீட்டையே தேடுசொல்லாக வைக்கிறார்கள், ஏனென்றால் சந்தேகத்துக்கு அதைவிடச் சுருக்கமான பதில் கிடையாது. அந்தமான் கூட்டுக்கு அப்படி ஒரு குறியீடு இல்லாத இன்று, நான் மேலே எழுதிய விவரிப்பு எவ்வளவு கவனமாக அமைந்தாலும், அதை ஒரு கடத்தல்காரர் எடுத்துப் பயன்படுத்தினால் அவருக்கும் அது அப்படியே பொருந்தும். சொற்கள் மட்டும் தம்மைத்தாமே மெய்ப்பிக்க முடியாது. அதனால் வேலையின் வரிசை மாற வேண்டும். குகையின் பெயர், குஞ்சு பறந்த மாதம், எடுத்தவரின் குழு, சோதனையில் வந்த நைட்ரைட் அளவு ஆகியவற்றை வனத்துறை கூடு கூடாகப் பதிந்துவைக்கும் ஏடுதான் அந்த விவரிப்பின் முதல் படி. அது இருந்தால், அரசுகள் ஒப்பந்தம் பேசும்போது காட்டுவதற்கு ஏதாவது இருக்கும். சீனத்தில் எழுதுபவருக்குச் சொல்வதற்கும் ஏதாவது இருக்கும். பெட்டியின் சிவப்பையும் விலையின் எட்டையும் ஒரு நாளில் தேர்ந்துவிடலாம். அந்த ஏட்டுக்கு ஒவ்வொரு கூடுகட்டும் பருவமும் குகைக்குள் ஆள் நின்று எழுத வேண்டும். சீன வாங்குபவருக்காக எழுதும் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.